மெடிசின் லாங் கேஸில் அபேசியா வந்தால்: கையைக் கட்டிக்கொண்டு கேள்வி கேளுங்கள்

நேற்று சாயங்காலம் ரிசல்ட் வந்தது. பாஸ். போன தடவை இதே பிராக்டிகலில் ஃபெயில் ஆனவள் நான். இரண்டு தடவையும் எனக்கு வந்த லாங் கேஸ் அபேசியா, மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சு போனவர்கள்தான். முதல் தடவை வெர்னிக்கே வகை, இரண்டாம் தடவை ப்ரோக்கா வகை. ஒன்றில் தோற்று இன்னொன்றில் ஜெயித்ததால் இரண்டும் மறக்காது. அடுத்த பேட்ச் தம்பி தங்கைகளுக்காக, மனதில் சூடு ஆறும் முன்னால் எழுதிவிடுகிறேன். ஹிஸ்டரி எடுப்பது, பவர், ரிஃப்ளெக்ஸ் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதற்குள் நான் போகவில்லை.

முதல் தடவை நடந்தது இது. 62 வயது, கடலூர் முதுநகர் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தவர். கை கால் எல்லாம் நன்றாக அசைகிறது. முகம் கோணவில்லை. "என்ன பண்ணுதுங்க ஐயா?" என்று கேட்டால் உடனே பேச ஆரம்பித்துவிடுகிறார். ஏற்ற இறக்கம், வேகம், கையசைவு எல்லாம் சாதாரணமாகக் கதை சொல்வது போலவே இருக்கிறது.

"அது வந்து பாப்பா, நான் அந்தக் கலுத்தியை எடுத்துட்டு வந்தேன்ல, அவங்க சொன்னாங்க, சரின்னு மடுப்புல வச்சிட்டுப் போனா அது இப்படித்தான் ஆயிடுச்சு..."

இப்படியே போகிறது. நான் இடையில் புகுந்தாலும் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த மகன், "திடீர்னு ஒரு நாள் காலைல உளற ஆரம்பிச்சிட்டாருங்க. புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சு முதல்ல மனநல டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போனோம்" என்றார்.

புரிதலைச் சோதித்தேன். "கண்ணை மூடுங்க." மூடினார். "நாக்கை நீட்டுங்க." நீட்டினார். "கையைத் தூக்குங்க." தூக்கினார். கேஸ் ஷீட்டில் "புரிதல் சரி, நோயாளி குழப்பத்தில் இருக்கிறார்" என்று எழுதினேன். அந்த ஒரு வரியில் என் ஆறு மாதம் போனது.

எக்ஸாமினர் வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை அசைக்காமல், "ஜன்னலைக் காட்டுங்க" என்றார். பெரியவர் சிரித்து, தலையாட்டி, "ஆமாமா" என்றார். "உங்க பேரு லட்சுமியா?" "ஆமாமா." அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாக்கை நீட்டச் சொன்னபோது என் நாக்கும் கொஞ்சம் வெளியே வந்திருந்தது. கையைத் தூக்கச் சொன்னபோது என் கையும் தூக்கியிருந்தது. அவர் என் வார்த்தையைக் கேட்கவே இல்லை, என்னைப் பார்த்துச் செய்தார். கண்ணை மூடுவது, எழுந்து நிற்பது போன்ற உடம்பின் நடுப்பகுதிக் கட்டளைகள் வெர்னிக்கேயில் பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கும். அதனால் அவற்றைச் செய்தார் என்பதை வைத்துப் புரிதல் சரி என்று எழுதவே கூடாது.

இதை எந்த வார்டு வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதன் பிறகு தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகும்போது இதையே மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். கடைசியில் என் நோட்டில் நின்றது இவ்வளவுதான்:

– கை கோட் பாக்கெட்டுக்குள். கண் நோயாளியின் முகத்தில். நீங்கள் கேட்கும் பொருளைப் பார்க்கக்கூடாது, உங்கள் பார்வையே அவருக்குக் குறிப்பு.
– முதலில் காது கேட்கிறதா, வீட்டில் என்ன மொழி, வலக்கைப் பழக்கமா, பள்ளிக்கூடம் போனாரா. எழுதவே கற்காதவரிடம் எழுதச் சொல்லிவிட்டு "எழுத்தும் போய்விட்டது" என்று எழுதாதீர்கள்.
– ஆமா இல்லை கேள்விகளை ஜோடியாகக் கேளுங்கள். "இப்ப பகலா?" என்று கேட்டால் அடுத்தது "இப்ப ராத்திரியா?" இரண்டுக்கும் ஆமா என்றால் முதல் ஆமாவுக்கு மதிப்பில்லை.
– மேஜையில் சாவி, பேனா, சீப்பு. முதலில் ஒன்றைக் காட்டச் சொல்வது. பிறகு இரண்டை வரிசையாக. கடைசியில் "பேனாவால சாவியைத் தொடுங்க", "பேனாவைச் சாவியால தொடுங்க".

அந்தக் கடைசி வாக்கியம் எவ்வளவு முக்கியம் என்று இரண்டாம் தடவைதான் புரிந்தது.

55 வயது, திருப்பாதிரிப்புலியூர், தையல்காரர். வலக்கை சுத்தமாக விழுந்துவிட்டது, முகம் வலப்பக்கம் தொங்குகிறது, கால் ஓரளவு தேவலை. என்ன நடந்தது என்று கேட்டேன். முகம் சிவக்க முயற்சி செய்து, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"காலைல... டீ... டீ... கை... விழு... விழுந்து... பையன்... ஆட்டோ."

இதை எழுத்து மாறாமல் கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள். "பேச்சு பாதிப்பு" என்று எழுதுவதைவிட இதற்கு நூறு மடங்கு மதிப்பு. தமிழில் இரண்டு பேரின் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உருபிலேயே தெரியும். மளிகைக் கடைக்காரர் "கலுத்தியை" என்கிறார், "மடுப்புல" என்கிறார். அப்படிச் சொற்களே கிடையாது, ஆனால் ஐ, ல எல்லாம் சரியான இடத்தில் ஒட்டியிருக்கின்றன. "வந்தேன்", "சொன்னாங்க" என்று வினைமுற்றும் ஒழுங்கு. எலும்புக்கூடு இருக்கிறது, சதை இல்லை. தையல்காரரிடம் பொருளுள்ள சொல் எல்லாம் இருக்கிறது: டீ, கை, பையன், ஆட்டோ. "பையன் ஆட்டோவுல கூட்டிட்டு வந்தான்" என்பதில் உல, வந்தான் இரண்டையும் காணோம். "விழுந்தேன்" வரவில்லை, "விழுந்து" என்று பாதியில் நிற்கிறது.

சரளம் என்ற சொல்லில்தான் பலர் வழுக்குகிறார்கள். சரளமான அபேசியா என்றால் நன்றாகப் பேசுகிறார் என்று அர்த்தமில்லை. ஒரு மூச்சில் எத்தனை சொல் வருகிறது, முயற்சி எவ்வளவு, ராகம் இருக்கிறதா, அவ்வளவுதான். எங்கள் எக்ஸாமினர் முதலில் கேட்டதே இதைத்தான்: "உன் பேஷண்ட் சொல்றது எனக்குப் புரியுது, அப்ப சரளம்தானே?" இல்லை சார், நாலு சொல்கூடத் தொடர்ந்து வரவில்லை என்றேன்.

அப்புறம் புரிதல். "நாக்கை நீட்டுங்க" என்றேன், கையைக் கட்டிக்கொண்டு. வாயைத் திறக்கிறார், மூடுகிறார், நாக்கு வரவில்லை. ஒரு நொடி எனக்கு வயிற்றைக் கலக்கியது, இவரும் வெர்னிக்கேயா என்று. ஆனால் சற்று முன்தான் உதட்டில் ஒட்டிய தண்ணீரை நாக்கால் நக்கினார், பார்த்திருந்தேன். இது வாய் முகத்துக்கான ஏப்ராக்சியா. கட்டளை புரிகிறது, நினைத்துச் செய்யத்தான் முடியவில்லை. ப்ரோக்காவோடு இது அடிக்கடி சேர்ந்து வரும். ஆகவே இவர்களுக்குச் செய்கைக் கட்டளையை நம்பாதீர்கள். சைகை காட்டினால் வெர்னிக்கே நோயாளி உண்மையைவிட நன்றாகத் தெரிவார், செய்கை கேட்டால் ப்ரோக்கா நோயாளி உண்மையைவிட மோசமாகத் தெரிவார். ஆமா இல்லை கேள்வியும், நல்ல கையால் சுட்டிக்காட்டுவதும்தான் இரண்டு பக்கமும் ஏமாற்றாதவை.

ஆமா இல்லை ஜோடிகள் எல்லாம் சரியாகச் சொன்னார். சாவியையும் சீப்பையும் வரிசையாகக் காட்டினார். "பேனாவால சாவியைத் தொடுங்க" என்றதும் பேனாவை எடுத்துச் சாவியைத் தொட்டார். "பேனாவைச் சாவியால தொடுங்க" என்றேன். மறுபடி பேனாவைத்தான் எடுத்தார். "தம்பியை அண்ணன் அடிச்சான். யார் அடிச்சது?" என்று கேட்டால் "தம்பி" என்றார். முதலில் வந்த பெயரையே செய்தவன் என்று எடுத்துக்கொள்கிறார், ஐ காதில் விழுந்தும் வேலை செய்யவில்லை. வாயில் எந்த உருபு வரவில்லையோ அதே உருபைப் பிடித்துப் புரிந்துகொள்வதும் பலவீனம். எனவே "ப்ரோக்காவில் புரிதல் நார்மல்" என்று எழுதினால் பாதி மார்க்தான். சாதாரணப் பேச்சு புரிகிறது, இலக்கணத்தை மட்டும் நம்பியிருக்கும் வாக்கியம் தடுமாறுகிறது என்று சொல்லுங்கள்.

திருப்பிச் சொல்லுதல் இருவருக்குமே போயிருக்கும், செய்து பார்த்து எழுதிவிடுங்கள். தையல்காரரால் "இன்னைக்கு மழை இல்லை" என்று திருப்பிச் சொல்ல முடியவில்லை. ஆனால் தேவாரத்தில் ஒரு பாட்டை அவர் மனைவி எடுத்துக்கொடுத்ததும் நாலு வரி ராகத்தோடு தங்குதடையில்லாமல் வந்தது. ஒன்று முதல் பத்து வரை எண்ணுவதும் வந்தது. பழகித் தானாக ஓடும் பேச்சு தப்பித்திருக்கிறது என்பதை எக்ஸாமினரிடம் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது அங்கேதான்.

இடம் சொல்வது சுலபம். ப்ரோக்கா என்றால் இடது முன்மடலின் கீழ் மடிப்பில் பின்பகுதி, நடு மூளைத் தமனியின் மேல் கிளை. கைக்கும் முகத்துக்குமான அசைவுப் பகுதி பக்கத்திலேயே இருப்பதால் வலப்பக்கம் விழுகிறது. வெர்னிக்கே என்றால் மேல் பொட்டு மடிப்பில் பின்பகுதி, கீழ்க் கிளை. அசைவுப் பகுதி தப்புவதால் கை கால் நன்றாக இருக்கும், அதனால்தான் மளிகைக் கடைக்காரரை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவருக்கு நான் பார்வைப் புலம் பார்க்கவே இல்லை. வலப்பக்கப் பார்வை, முக்கியமாக மேல் கால்பகுதி, போயிருக்கலாம். சொல்வது புரியாதவரிடம் எப்படிப் பார்ப்பது? பக்கவாட்டிலிருந்து கையைச் சட்டென்று கண் பக்கம் கொண்டுவந்து, இமைக்கிறாரா என்று இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். காற்று கண்ணில் படக்கூடாது.

வருடம் கேட்டால் ப்ரோக்கா 1861, வெர்னிக்கே 1874. ப்ரோக்காவின் முதல் நோயாளி லெபோர்ன் பெரும்பாலும் "டான்" என்ற ஒரே அசையைத்தான் சொல்வார். அவருடைய மூளை பாதுகாத்து வைக்கப்பட்டிருந்தது. 2007இல் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது சேதம் ப்ரோக்கா சொன்ன மேற்பரப்போடு நிற்காமல் உள்ளே ஆழமாகப் போயிருந்தது தெரிந்தது. அந்தச் சின்ன இடம் மட்டும் போனால் பேச்சு பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடும். நீடிக்கும் ப்ரோக்கா அபேசியாவுக்குச் சேதம் பெரிதாக இருக்கும். முதல் நாட்களில் எல்லாமே போய், பிறகு புரிதல் மட்டும் மீண்டு ப்ரோக்கா வடிவத்துக்கு வருபவர்களும் உண்டு. அதனால் "இன்றைய தேதியில் இந்த வடிவம்" என்று சொல்லுங்கள்.

கடைசியாக எக்ஸாமினர், "வீட்டுக்காரங்களுக்கு என்ன சொல்லுவே?" என்றார். தையல்காரர் மனைவியிடம்: அவருக்குத் தெரியும், வாயில்தான் வரவில்லை, அந்தத் தவிப்பில் அழுகிறார், ஆமா இல்லை என்று முடிகிற மாதிரிக் கேளுங்கள், காத்திருங்கள், அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்துவிடாதீர்கள். இதைச் சொன்னபோதே மனதில் மளிகைக் கடைக்காரரின் மகன்தான் நின்றார். அவரிடம் அன்று நான் எதுவும் சொல்லவில்லை. அப்பா தான் சரியாகப் பேசுவதாகவே நினைக்கிறார், திருத்தினால் கோபம்தான் வரும். சத்தமாகப் பேசிப் பயனில்லை. சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள், சாப்பிடக் கூப்பிடும்போது தட்டைக் காட்டுங்கள், குளிக்கச் சொல்லும்போது துண்டை எடுத்துக் கையில் கொடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். பரீட்சையில் என்னை ஏமாற்றிய அதே சைகைதான் அந்த வீட்டில் அவருக்குக் காதாக இருந்திருக்கும்.