பந்துவீச்சாளர் படத்தில் பந்தைச் சேர்த்தல்: கோடு எவ்வளவு நீளம்?

ஃபோட்டோஷாப் செய்முறைத் தேர்வில் இந்தப் பயிற்சி வந்தால், பந்தை வெட்டி ஒட்டுவதில் யாரும் தவறுவதில்லை. மதிப்பெண் போவது அசைவுக் கோட்டில்தான். அதைக் கண்ணளவில் போடாமல் கணக்கிட்டுப் போடுங்கள்.

வேகப்பந்து வீச்சாளரைப் பக்கவாட்டில் எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அருகிலுள்ள ஸ்டம்பின் உயரம் 71 செ.மீ. படத்தில் அது 640 பிக்சல் இருந்தால், ஒரு செ.மீ.க்கு 9 பிக்சல். பந்தின் விட்டம் சுமார் 7.2 செ.மீ., அதாவது 65 பிக்சல். எதிர்முனை ஸ்டம்பை அளந்தால் அளவு தப்பும், தூரம் வேறு.

அடுத்து ஷட்டர் வேகம். File Info-வில் 1/500 நொடி என்று இருக்கிறது. மணிக்கு 140 கி.மீ. வேகப் பந்து அந்த நேரத்தில் 7.8 செ.மீ. நகரும், அதாவது 70 பிக்சல். Motion Blur-இல் Distance-க்கு இதையே கொடுங்கள். குட் லெங்த் பந்து கையை விட்டதும் ஏறக்குறைய 7 டிகிரி கீழ்நோக்கிச் செல்லும். வீச்சு இடமிருந்து வலமாக இருந்தால் Angle -7.

விரல்களை உற்றுப் பார்த்துச் சரிபாருங்கள். பந்தை விடும் கணத்தில் கையும் மிக வேகமாகத்தான் போகிறது. விரல் நுனி கூர்மையாக இருக்க, பந்து மட்டும் நீளமாக இழுபட்டிருந்தால் படம் பொய் என்று உடனே தெரியும். 1/2000 நொடிப் படத்தில் பந்து 2 செ.மீ.கூட நகராது, அங்கே ஓரம் லேசாகக் கலைந்தால் போதும், கோடு வேண்டாம்.

வால் நட்சத்திரம் போல முன்புறம் கூர்மையாகவும் பின்புறம் மங்கலாகவும் போடுவதுதான் அதிகம் காணும் பிழை. ஷட்டர் திறந்திருக்கும் வரை ஒளி சீராகப் பதிவதால் இரு முனையும் ஒன்றுபோல மங்கும். ஃபிளாஷ் பயன்படுத்திய படம் மட்டுமே விதிவிலக்கு. கோடு விட்டத்தைவிட நீண்டால் நடுப்பகுதியிலும் பின்னணி கொஞ்சம் தெரிய வேண்டும். பந்தைத் தனி லேயரில் வைத்து, Lock transparent pixels-ஐ எடுத்துவிட்டு மங்கலாக்கினால் அது தானாகவே வரும்.

தையலையும் கவனியுங்கள். தையல் நிமிர்ந்து செல்லும் பந்தைப் பக்கவாட்டில் பார்த்தால் தோல் முகம்தான் தெரியும், தையல் விளிம்போடு போய்விடும். கடை விளம்பரத்திலிருந்து எடுத்த, குறுக்கே தையல் ஓடும் பந்து இங்கே பொருந்தாது.

வரிசையும் முக்கியம். வெயில் விழும் பக்கத்துக்கு ஏற்ப ஒளியும் நிழலும் முதலில், பிறகு Motion Blur, கடைசியில் Add Noise. மங்கலாக்கும்போது பந்தின் குருணை அழிந்துவிடும். 200% பெரிதாக்கி, சட்டையின் குருணையோடு ஒத்துப்போகும்வரை சேருங்கள். கையிலிருந்து ஒன்று அல்லது இரண்டு பந்து இடைவெளி விட்டு வையுங்கள். விரலை ஒட்டி வைத்தால் கை இன்னும் பந்தைப் பிடித்திருப்பதாகத் தோன்றும், கோடு அதற்கு முரணாகும்.