சோயாப் பாலைத் திரைய வைக்க எது நல்லது: தேசிக்காயா, பேதியுப்பா?

எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைச் சுரண்டினால் வெள்ளைப் படிவு தகடாகக் கழன்று வரும். கிளிநொச்சிப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பாவிக்கிற பலருக்கு இது தெரிந்த விஷயம். சோயாவில் பால் எடுத்து டோஃபு செய்ய வெளிக்கிட்டபோது முதலில் யோசிக்க வேண்டி வந்ததும் இந்தத் தண்ணீரைப் பற்றித்தான். சோயாப் பாலில் உள்ள புரதத்தைக் கல்சியமோ மக்னீசியமோ புளிப்போ சேர்த்துத் திரைய வைத்தால் அதுதான் டோஃபு. கல்லுத் தண்ணீரில் அந்தக் கல்சியமும் மக்னீசியமும் ஏற்கனவே இருக்கின்றன. அரைக்கிற நேரத்திலேயே அவை புரதத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பங்கு பாலுக்கு வராமல் சக்கையோடு போய்விடும். அதனால் ஊறவைப்பதற்குக் கிணற்றுத் தண்ணீர், அரைக்கவும் வடிக்கவும் கலனில் வாங்கும் வடிகட்டிய தண்ணீர் என்று பிரித்துக்கொண்டேன். பாலின் கெட்டியிலேயே வித்தியாசம் தெரிந்தது.

சோயா வாங்கும்போது சாப்பாட்டுக்கென்று விற்பதையே கேட்டு வாங்குங்கள். விதைக்கென்று வைத்திருப்பதில் மருந்து பூசியிருக்கும், அது எந்தக் காரணம் கொண்டும் சமையலுக்கு ஆகாது. பழைய சரக்கும் சரிவராது. எவ்வளவு ஊறினாலும் கடினம் போகாது, பாலும் குறைவு.

கால் கிலோ எடுத்தேன். எங்கள் வெக்கைக்கு எட்டு மணித்தியாலம் ஊறினால் போதும், நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றிவிட வேண்டும். இரவு முழுக்க விட்டு மறுநாள் மத்தியானம் பார்த்தால் நுரை கட்டிப் புளித்த மணம் வந்துவிடும். ஊறியதா என்று பார்க்க ஒரு விதையை இரண்டாகப் பிளந்து பாருங்கள். உட்பக்கம் நடுவில் குழி இல்லாமல் தட்டையாகவும், ஓரமும் நடுவும் ஒரே நிறமாகவும் இருந்தால் சரி. நடு மட்டும் கடும் மஞ்சளாக இருந்தால் இன்னும் ஊற வேண்டும்.

சோயாப் பாலைக் கண்டு பலர் முகம் சுளிப்பது அந்தப் பச்சை அவரை மணத்துக்காகத்தான். விதை உடைந்து, தண்ணீரும் காற்றும் படுகிற அந்தக் கணத்தில் அதிலுள்ள நொதியம் வேலை செய்யத் தொடங்குவதால்தான் அந்த மணம் வருகிறது. பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் முழுதாகப் போகாது. ஆகவே அரைக்க முன்னமே அந்த நொதியத்தை அடக்க வேண்டும். ஊறிய விதையைக் கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, நல்ல சூடான தண்ணீர் விட்டு அரைத்தேன். கிரைண்டர் சாடியைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஆவி மூடியைத் தள்ளிவிடும்.

கால் கிலோவுக்கு மொத்தம் ஒன்றேமுக்கால் லீற்றர் தண்ணீர் கணக்கு. குடிக்க மட்டும் என்றால் இரண்டரை லீற்றர் வரைக்கும் போகலாம். டோஃபுவுக்குப் பால் தண்ணீராக இருக்கக் கூடாது. நைசாக அரைத்து, பழைய வேட்டித் துணியில் ஊற்றி முறுக்கிப் பிழிந்தால் ஒன்றரை லீற்றருக்குக் கொஞ்சம் கூடப் பால் வரும்.

அடுத்தது காய்ச்சுவது. இங்கேதான் கவனம் வேண்டும். அடுப்பில் வைத்துச் சிறிது நேரத்திலேயே நுரை திரண்டு பானை விளிம்பு வரைக்கும் ஏறும். கொதித்துவிட்டது என்றே தோன்றும். பக்கத்தில் நின்ற மாமி நுரையை விலக்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது இன்னும் கொதிக்கேல்லை, நுரைதான் பொங்குது" என்றா. அவ சொன்னது சரி. சோயாவுக்கு நுரைக்கிற தன்மை இயல்பிலேயே உண்டு, அதனால் கொதிநிலை வர முன்னமே பொங்கும். விறகை இழுத்துத் தணலில் விட்டு, உண்மையான கொப்புளம் வந்த பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடம் அடிவரைக்கும் கிண்டியபடி காய்ச்ச வேண்டும். பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது, அது அழிய அவ்வளவு நேரம் வேண்டும். அரைவேக்காட்டுப் பாலைக் குடித்தால் வயிறு குழம்பும்.

இனித் திரைய வைக்கும் பொருளுக்கு வருவோம். ஒரே பாலை மூன்று சட்டிகளில் ஏறக்குறைய அரை லீற்றர் வீதம் பிரித்து, மூன்று விதமாகச் செய்து பார்த்தேன். பாலை அடுப்பால் இறக்கி ஐந்து நிமிடம் கழித்து, மேலே மெல்லிய ஆடை படரும்போது சேர்த்தால் சூடு சரியாக இருக்கும். கொதிக்கக் கொதிக்கச் சேர்த்தால் ரப்பர் மாதிரித் திரளும். ஆறவிட்டால் திரைவதே தயக்கமாக இருக்கும்.

முதல் சட்டிக்கு ஒன்றரை மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி, கொஞ்சம் தண்ணீரில் கலந்தது. உடனே திரைந்தது, ஆனால் துகள் சிறியது. அழுத்திய பிறகு வெட்டினால் ஓரம் உதிர்ந்தது, வாயில் இலேசான புளிப்பும் நின்றது. வினாகிரியும் இதே வகைதான், மணம் மட்டும் கூட.

இரண்டாவதற்கு முக்கால் தேக்கரண்டி பேதியுப்பு. மருந்துக்கடையில் எப்சம் சோல்ட் என்று கேட்டால் தருவார்கள். உரக்கடையில் விற்கும் மக்னீசியம் சல்பேற்றும் பெயரளவில் இதே பொருள்தான் என்றாலும், சாப்பாட்டுக்கென்று சுத்திகரித்தது அல்ல, அதை எடுக்க வேண்டாம். கால் கோப்பை வெந்நீரில் கரைத்து மூன்று தடவையாக ஊற்றினேன். முதல் தடவை ஊற்றி இரண்டு சுற்றுக் கிண்டிய பிறகு கரண்டியை அசைக்காமல் நிறுத்த வேண்டும். மிச்சத்தை மேலாகத் தெளித்து மூடிவிட்டால் பத்து நிமிடத்தில் பெரிய மென்மையான திரளாக வந்துவிடும். இதுதான் கத்திக்கு நின்றது, சுவையிலும் இலேசான இனிப்பு. அளவு கூடினால் கசக்கும்.

மூன்றாவதற்கு எங்கள் மாரிகாலத்துப் பொருள் ஒன்று. கல்லுப்புச் சாடியை ஈரக் காற்றில் வைத்தால் அடியில் தண்ணீர் ஊறி நிற்கும். கடலுப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைட் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் வருவது அது. யப்பானில் டோஃபுவுக்குப் பாவிக்கும் உப்பளக் கசப்பு நீரிலும் முக்கியமாக இருப்பது அதே பொருள்தான். துணியில் வடித்து ஒவ்வொரு தேக்கரண்டியாக விட்டேன். திரைந்தது, மெத்தென்றும் இருந்தது. ஆனால் உப்புக் கரித்தது. அதன் வலிமையும் சாடிக்குச் சாடி மாறும் என்பதால் அளவு சொல்ல முடியாது. ஆகவே எனக்குப் பேதியுப்புத்தான். புளிக்குழம்புக்குப் போகிற டோஃபு என்றால் தேசிக்காயும் குறையில்லை. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் பேதியுப்பை எடுக்க முன் வைத்தியரிடம் கேளுங்கள்.

எதைச் சேர்த்தாலும் அளவு போதுமா என்பதை வடிகிற தண்ணீர் காட்டிவிடும். திரளுக்கு இடையில் தெளிந்த மஞ்சள் தண்ணீர் நின்றால் சரி. பால் நிறமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கரைத்துத் தெளித்து ஐந்து நிமிடம் மூடுங்கள்.

நீத்துப்பெட்டியில் ஈரத்துணி விரித்துத் திரளை அள்ளி வைத்து, துணியை மடித்து, மேலே ஒரு தட்டும் அதன்மேல் ஒரு கிலோ பாரமும் வைத்தேன். அரை மணித்தியாலத்தில் இறுகிவிடும். பொரிப்பதென்றால் இன்னும் கொஞ்ச நேரம். பிறகு துணியோடு குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தித் துணியைக் கழற்றினால் உடையாது. குளிரூட்டி இல்லாத வீட்டில் அன்றைக்கே சமைத்துவிடுங்கள். இருந்தால் தினமும் தண்ணீரை மாற்றி மூன்று நான்கு நாள் வைக்கலாம்.

மிஞ்சிய சக்கையும் ஈரமாக இருப்பதால் சீக்கிரம் பழுதாகும். நான் அதைச் சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கொஞ்சம் கடலை மாவோடு பிசைந்து வடையாகத் தட்டினேன். பொரிக்கும்போது உள்ளே நன்றாக வேக வேண்டும், அதற்கு வடையை மெல்லிசாகத் தட்டுவது நல்லது.