40 சதவீதப் பச்சை

"எடுக்கறதுன்னா முழுசா எடுத்திருக்கலாமே சார்."

அவ்வளவுதான் சொன்னார். கோபமில்லை, கிண்டலும் இல்லை. போனை என் பக்கம் திருப்பி, நான் எடுத்து அனுப்பிய படத்தில் தன் கழுத்தைப் பெரிதாக்கிக் காட்டியபடியே சொன்னார். அதற்கு ஒரு நிமிடம் முன்னால் அவர் கேட்ட கேள்வி வேறு: "கழுத்துல என்ன, அடிபட்ட மாதிரி இருக்கு? வெளிச்சமா?"

தன் டாட்டூவை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. நான் செய்த வேலையின் லட்சணம் அது.

வேலையைக் கொடுத்தது அவரில்லை, அவருடைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு. பன்னிரண்டு பேருக்கு ஒரே பின்னணி, ஒரே வெளிச்சத்தில் படம், இணையப் பக்கத்துக்கும் மின்னஞ்சலுக்கும். மாதிரிகளை அனுப்பியதும் அங்கிருந்து அழைத்தவர் இந்த ஒரு படத்தைப் பற்றி மட்டும் பேசினார். "கழுத்துல இருக்கறது கொஞ்சம் உறுத்துது சார். எடுக்க வேணாம், லேசா மட்டுப்படுத்திடுங்க." அவங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "நான் சொல்லிக்கிறேன்" என்றார். அந்த 'சொல்லிக்கிறேன்' என்ற சொல்லை எத்தனையோ முறை திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்துவிட்டேன். சொல்லிவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரிந்ததும் உண்டு என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் 'லேசா' என்ற சொல் எனக்கு வசதியாக இருந்தது. முழுசாக எடுக்கச் சொல்லியிருந்தால் நிச்சயம் தயங்கியிருப்பேன். லேசா என்றால் யாருக்கும் நஷ்டமில்லை, டாட்டூவும் இருக்கும், உறுத்தலும் குறையும். அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்பு வரை இறங்கும் ஒரு கொடி, மூன்று இலைகள். மெல்லிய கோடு, இலைக்குள் சாம்பல் நிழல். குத்திச் சில வருடங்கள் ஆகியிருக்க வேண்டும், கறுப்பு மை நீலமும் பச்சையுமாக வெளிறியிருந்தது. மை தோலின் மேற்பரப்பில் இருப்பதில்லை, அதற்குக் கீழே உள்ள அடுக்கில் தங்குகிறது. மேலே இருக்கும் தோல் ஒளியைச் சிதறடிப்பதால் கறுப்பே நமக்கு நீலம் பாய்ந்து தெரிகிறது. நம்மூர்ச் சொல் இதைப் 'பச்சை' என்றே வைத்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

வழக்கமான முறையில்தான் போனேன். ஃப்ரீக்வென்சி செபரேஷன் செய்து படத்தை இரண்டு லேயராகப் பிரித்தேன். கீழே நிறமும் வெளிச்சமும், மேலே தோலின் நுண்துளை, சுருக்கம், முடி. அந்தப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் தோலுக்குச் சுமார் 10 பிக்சல் இருந்தது, கோட்டின் தடிமன் எட்டுப் பிக்சல் போல வந்தது. அதனால் பிரிப்பதற்கான ப்ளர் அளவை 12 பிக்சல் வைத்தேன். இரண்டு லேயரிலும் மையைச் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் ஒரு குரூப்பில் போட்டு, குரூப் அடியில் இருப்பதை எவ்வளவு மறைக்கும் என்ற அளவை, ஒபாசிட்டியை, 60 சதவீதத்துக்கு இறக்கினேன். அதாவது 40 சதவீத மை மிச்சம். பெரிய திரையில் பார்த்தபோது அழகாக இருந்தது. கொடி மூடுபனிக்குள் இருப்பதுபோல. எனக்கே கொஞ்சம் பெருமை. இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

தவறு அங்கேதான். அனுப்பியது 800 பிக்சல் சதுரம், அவர் பார்த்தது போனில். படத்தை அத்தனை சிறிதாக்கும்போது முதலில் சாவது மெல்லிய கோடு. எட்டுப் பிக்சல் கோடு ஒன்றரைப் பிக்சலுக்கு வந்துவிட்டது, அதுவும் பாதிக்குக் குறைந்த அழுத்தத்தில். கோடு போனால் இலை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. சாம்பல் நிழலோ பரந்தது, அது சாகாது. விளிம்பில்லாத, நீலமும் பச்சையும் கலந்த மூன்று திட்டுகள் கழுத்தில் நின்றன. கன்றிப்போன காயம் ஆறும்போது எப்படி இருக்குமோ அப்படியே. ஒரு பெண்ணின் கழுத்தில், அலுவலகப் படத்தில். டாட்டூவைப் பார்த்து யாராவது முகம் சுளித்திருப்பார்களோ என்னவோ. இதைப் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எண்ணியபோது எனக்கு வியர்த்தது.

மட்டுப்படுத்துவதற்குச் சரியான வழி இல்லாமல் இல்லை. கோட்டையும் நிழலையும் தனித்தனியாகக் கையாள வேண்டும். கீழ் லேயரில் இருக்கும் நிழலை முழுக்க எடுத்துவிட்டு, மேல் லேயரில் கோட்டைப் பெரும்பாலும் அப்படியே விட்டு, அதிலுள்ள நீலத்தை மட்டும் உறிஞ்சிவிட்டால் பென்சிலில் வரைந்தது போன்ற கொடி கிடைக்கும். வெளிறியிருக்கும், ஆனால் டாட்டூ என்று தெரியும். எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைத்ததுதான் சோம்பேறித்தனம். தெரிந்துமா அதைச் செய்தேன்? தெரியும். ஆனால் அன்றைக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டில் இது ஒன்பதாவது படம்.

இதையெல்லாம் அவரிடம் விளக்கவில்லை. "மட்டுப்படுத்தச் சொன்னாங்க மேடம்" என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் போனையே பார்த்துவிட்டுத்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

எடுக்கறதுன்னா முழுசா எடுத்திருக்கலாமே.

அது அனுமதியா, குற்றச்சாட்டா? அன்று நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். அரைகுறையாகச் செய்ததுதான் அவர் குறை, முழுசாகச் செய்தால் சரியாகிவிடும் என்று. "முழுசா எடுத்துரவா?" என்று கேட்டேன். "ம்" என்றார். இப்போது யோசித்தால் அந்த 'ம்' இன்னும் மோசம். இன்னொன்றும் இருக்கிறது. படம் எடுக்க அவர் வந்தது திறந்த கழுத்துச் சட்டையில். தலைமுடியை எதிர்ப்பக்கம் ஒதுக்கியிருந்தார். மறைக்க நினைப்பவர் அப்படி வருவாரா? மறுபக்கம், காலையில் கிடைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம், அதில் நான் அர்த்தம் தேடுவதும் அபத்தம்தான்.

முழுசாக எடுப்பது ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கழுத்து கன்னம் மாதிரி இல்லை. காதின் பின்னிருந்து இறங்கும் தசையின் மேடும் பள்ளமும் அந்தக் கொடி ஓடிய இடத்திலேயே இருந்தது. மையை எடுக்கிறேன் என்று நிழலையும் துடைத்தால் கழுத்து குழாய் மாதிரி ஆகிவிடும். அதனால் பிரஷ்ஷால் நிறம் பூசாமல், வெளிச்ச அளவைத் திருத்தும் கர்வ்ஸில், படத்தின் சிவப்புப் பங்கான ரெட் சேனலைத்தான் முதலில் தூக்கினேன். நீல மை விழுங்குவது சிவப்பைத்தான். மனிதத் தோல் மிகப் பிரகாசமாக இருப்பதும் அதே சேனலில். விழுங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் அடியில் இருக்கும் இயல்பான நிழல் தானே மேலே வரும். மிச்சத்தைத்தான் கீழ் லேயரில் சரிக்கட்ட வேண்டும்.

தோலின் இழையை எங்கிருந்து எடுப்பது என்பது அடுத்த சிக்கல். கழுத்தின் மறுபக்கத்தைப் புரட்டி ஒட்டலாம் என்று முதலில் செய்து பார்த்தேன். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது, புரட்டியதும் ஒவ்வொரு நுண்துளையின் நிழலும் தப்பான பக்கம் விழுந்தது. காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். கன்னத்துத் தோலும் உதவாது, துளை பெரிது. கடைசியில் அதே பக்கம், கொடிக்கு இரண்டு விரல் தள்ளி, கழுத்தின் குறுக்குச் சுருக்கங்களை ஒட்டிச் சிறிது சிறிதாக எடுத்து வைத்தேன். மேலே ஒரு கர்வ்ஸைப் போட்டுப் படத்தை நன்றாக இருட்டாக்கிப் பார்த்தபோது இலை ஒன்றின் பேய் இன்னும் தெரிந்தது. அதையும் தேய்த்தேன்.

நல்ல வேலை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, நல்ல வேலை. அவர் பார்த்துவிட்டு "தெரியவே இல்ல" என்றார். நன்றி சொன்னார். அந்தப் படம்தான் போயிற்று.

பாஸ்போர்ட் படத்தில் தோற்றத்தைத் திருத்தக் கூடாது என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. அலுவலகப் படத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பரு எடுக்கிறோம், கண் கீழ்க் கருமையைக் குறைக்கிறோம், கலைந்த முடியை அடக்குகிறோம். பத்து நாளில் தானே மறையக்கூடியதை எடுக்கலாம், நிரந்தரமானதைத் தொடக்கூடாது என்று இந்தத் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. மச்சம், தழும்பு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். டாட்டூ நிரந்தரம்தான். ஆனால் அது பிறவியில் வந்ததில்லை, அவர் தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுத்தது என்பதால் அதை எடுப்பது எளிதாகிறதா, கடினமாகிறதா? ஒரு நாள் ஒரு பதில் தோன்றுகிறது, மறுநாள் மற்றது. நாளைக்கு அவர் ஒரு கூட்டத்துக்குப் போவார், படத்தில் பார்த்தவர்கள் நேரில் கழுத்தைப் பார்ப்பார்கள். ஏன் மறைத்தார் என்றுதான் நினைப்பார்கள். மறைத்தது நான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதன் பிறகு, படத்தில் இருப்பவரிடம் நேராகக் கேட்காமல் நிரந்தரமான எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அந்த ஒழுங்கிலும் தடுமாறினேன். போன மாதம் ஒரு பையன், கைகட்டி நிற்கும் படம், மணிக்கட்டில் இருக்கும் டாட்டூவை எடுத்துவிடச் சொன்னான். அவனே கேட்டான், அவன் படம். நானோ அப்படியே இருக்கட்டுமே, நன்றாகத்தானே இருக்கிறது என்று பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தேன். "நான்தானே சார் கேக்கறேன்" என்றான். எடுத்துக் கொடுத்தேன். யாரிடம் பேச வேண்டியதை யாரிடம் பேசினேன் என்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.

அவருடைய படம் இப்போதும் அந்த நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கிறது. அவ்வப்போது போய்ப் பார்க்கிறேன். காதுக்குக் கீழே ஒரு விரற்கடை இடத்தில் பூனைமுடி இல்லை. கொடி தொடங்கிய இடம். இழை எடுத்த இடத்தில் முடி இல்லாததால் இங்கும் வரவில்லை, நான் கவனிக்கவில்லை. வேறு யாருக்கும் தெரியாது. ஐந்து நிமிட வேலை, சரிசெய்து புதிய கோப்பை அனுப்பலாம். இன்னும் அனுப்பவில்லை.