அடிவளையம் சொன்ன கதை: ஒரு செலடான் கிண்ணம் வாங்கிய அனுபவம்

பழைய செலடான் கிண்ணம் ஒன்று வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சீனாவின் செஜியாங் மாகாணத்தில் லாங்சுவான் என்ற ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் சொங், யுவான், மிங் அரச வம்சங்களின் காலங்களில் சுட்டு எடுத்த பச்சைப் பீங்கான் அது. கடல் வழியாக அது போகாத திசை இல்லை. நான் வசிக்கும் சிங்கப்பூரில், ஃபோர்ட் கேனிங் குன்றைத் தோண்டியபோது 14ஆம் நூற்றாண்டு மண்ணடுக்கில் அதன் உடைந்த ஓடுகள் கிடைத்தன. இராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்திலும் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு ஏராளமாகச் செய்து அனுப்பியதால்தான் இன்றும் நம்மைப் போன்றவர்கள் வாங்கக்கூடிய விலையில் உண்மையான பழைய கிண்ணம் கண்ணில் படுகிறது. போலியும் கூடவே வருகிறது.

ஒரு சிறிய பழம்பொருள் கடையில் இரண்டு கிண்ணங்களைப் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, வெளிப்பக்கம் தாமரை இதழ்கள், உள்ளே வெறும் பச்சை. முதல் கிண்ணத்தில் உள்ளும் புறமும் பழுப்பு நிற விரிசல் வலை படர்ந்திருந்தது. கடைக்கார ஆன்ட்டி அதைச் சொங் காலத்தது என்றார். "இத்தனை கோடு இருக்கே, புதுசுல இப்படி வருமா?" என்றும் கேட்டார். இரண்டாவதில் ஒரு பக்கம் மட்டும் நீளமாகச் சில கோடுகள். அடியில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. விலை முதலாவதில் பாதிக்கும் குறைவு. முன்பணம் கட்டிவிட்டு இரண்டையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கச் சம்மதித்தார். பழைய பொருளில் இப்படி அனுமதிக்கும் கடையைத்தான் நான் நாடுவேன். கடையின் மஞ்சள் வெளிச்சத்தில், பீங்கான்மேல் கண்ணாடிபோல் படிந்திருக்கும் மெருகின் நிறத்தையே சரியாகப் பார்க்க முடியாது.

வேண்டிய கருவிகள் அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு சிறிய டார்ச், ஒரு புறஊதா விளக்கு, பஞ்சுக் குச்சி. ஜன்னலோரப் பகல் வெளிச்சம்தான் இவை எல்லாவற்றையும் விட முக்கியம்.

முதலில் விரிசல். ஏன் விரிசல் விழுகிறது என்று தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். சூளை ஆறும்போது மண்ணும் சுருங்குகிறது, அதன்மேல் உருகிப் படிந்த மெருகும் சுருங்குகிறது. மெருகு மண்ணைவிடக் கூடுதலாகச் சுருங்கினால் அது இழுபட்டு வெடிக்கும். இது சூளையிலிருந்து எடுத்த அன்றே நடக்கலாம். மண்ணில் துளைகள் இருந்தால் ஈரத்தை உறிஞ்சி மெல்ல உப்பி, பல வருடம் கழித்தும் நடக்கலாம். மெருகின் கலவையைக் கொஞ்சம் மாற்றினால் வேண்டிய அளவுக்கு விரிசல் வரவழைக்கவும் முடியும். சொங் காலத்து அரச சூளைகளில் வேண்டுமென்றே அழகுக்காக அப்படிச் செய்தார்கள். இன்று தாய்லாந்தின் சியாங் மாயில் செய்யும் செலடானிலும் அதே வலை இருக்கிறது. யாரும் அதைப் பழையது என்று சொல்வதில்லை. ஆகவே விரிசல் இருப்பது வயதுக்குச் சான்றே அல்ல. நல்ல லாங்சுவான் கிண்ணங்கள் பலவற்றில் விரிசலே கிடையாது.

விரிசலுக்குள் ஏறியிருக்கும் கறைதான் பேசும். பயன்பாட்டில் ஏறிய கறை ஒரே மாதிரி இருக்காது. குழம்போ தேநீரோ நின்ற உள்பக்க அடியில் கருமையாக இருக்கும். வெளிச்சுவரில் மங்கலாக இருக்கும், சில இடத்தில் இருக்கவே இருக்காது. முதலில் விழுந்த நீளமான விரிசல்கள் கருத்திருக்க, பிறகு அவற்றுக்கு இடையில் விழுந்த மெல்லிய விரிசல்கள் வெளுத்தோ மஞ்சளாகவோ நிற்கும். முதல் கிண்ணத்தை லென்ஸில் பார்த்தபோது நீளக் கோடும் குட்டிக் கோடும் ஒரே பழுப்பு. உள்ளே, வெளியே, இதழ்களின் பள்ளத்தில், அடிக்குள்ளே, எங்கும் அதே அடர்த்தி. மெருகின் மேல்தோலில் திறந்திருந்த குமிழிக் குழிகள் ஒவ்வொன்றிலும் ஒரு பழுப்புப் புள்ளி. கிண்ணம் முழுவதையும் ஏதோ ஒரு திரவத்தில் முக்கி எடுத்தால்தான் இப்படி வரும்.

அது என்ன திரவம் என்று பார்க்க ஆன்ட்டியிடம் போனில் அனுமதி கேட்டேன். பிறர் பொருளில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைப்பதானாலும் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். வைட்டமின் சி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, பஞ்சுக் குச்சியால் வெளிச்சுவரில் நகமளவு இடத்தில் ஒற்றி வைத்தேன். சில நிமிடங்களில் அங்கே கோடுகள் வெளிறிவிட்டன. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் பீங்கானை ஊறவைத்தால் விரிசலுக்குள் மாங்கனீசு டை ஆக்சைடு பழுப்பாகத் தங்கும். வைட்டமின் சி அதை உடனே கரைத்துவிடும். மண்ணில் புதைந்து ஏறிய இரும்புக் கறையும் அமிலம் பட்டால் இளகும், ஆனால் இவ்வளவு சீக்கிரம் போகாது. இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து நான் முடிவு கட்ட மாட்டேன். அப்புறம் கிண்ணத்தைக் கவிழ்த்தேன்.

பழைய செலடானில் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமான இடம் அடிவளையம். கிண்ணம் தரையில் நிற்கும் அந்த வட்ட விளிம்பில் மெருகு கிடையாது. மண் வெறுமையாகத் தெரியும். மண் எது, தீ எப்படி எரிந்தது, எத்தனை காலம் மேசைமேல் இழுபட்டது, மூன்றும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கும்.

செலடானின் பச்சை, மெருகில் உள்ள சிறிதளவு இரும்பு ஆக்சைடு ஆக்சிஜன் குறைந்த தீயில் வெந்ததால் வருவது. லாங்சுவான் மண்ணிலும் கொஞ்சம் இரும்பு உண்டு. சுட்டு முடிந்து சூளை ஆறும்போது உள்ளே காற்று புகுந்தால், மெருகு மூடாத இடத்தில் அந்த இரும்பு துருவைப் போலச் சிவந்து செங்கல் நிறமோ ஆரஞ்சோ ஆகும். மண் உள்ளே சாம்பல் கலந்த வெள்ளையாகவே இருக்கும். மேலே ஒரு தோல் மட்டும்தான் சிவக்கும். பெரும்பாலும் மெருகு முடியும் ஓரத்தை ஒட்டி அந்தச் சிவப்பு அடர்த்தியாக இருந்து, விலக விலக மங்கும். வேறு ஊரின் அடி வேறு மாதிரி. தாய்லாந்தின் சி சச்சனாலைச் சூளைகளில் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் செய்த சவன்கலோக் செலடானைக் கவிழ்த்தால், கரும்புள்ளி கலந்த சாம்பல் மண்ணும், சூளையில் குழாய் போன்ற தாங்கி மேல் வைத்ததால் விழுந்த கருவட்டமும் தெரியும். மேலே இரண்டும் பச்சைதான்; கவிழ்த்தால்தான் ஊர் தெரியும்.

முதல் கிண்ணத்தின் அடிவளையம் அழகான செம்பழுப்பாகத்தான் இருந்தது. ஆனால் எங்கும் ஒரே சீராக இருந்தது. மெருகின் ஓரத்தில் அடர்ந்து மங்குவதற்குப் பதிலாக, நிறம் ஓரிரண்டு இடத்தில் மெருகின் மேலேயே ஏறி மெல்லிய படலமாக நின்றது. தீயில் வந்த சிவப்பு மெருகின்மேல் ஏறாது. தூரிகையால் பூசியதுதான் ஏறும். வளையத்தில் சின்ன சில்லு ஒன்று பெயர்ந்திருந்தது. லென்ஸை அங்கே கொண்டுபோனேன். சில்லுக்குள்ளும் அதே செம்பழுப்பு. சூளையில் வந்த நிறம் என்றால், பிறகு பெயர்ந்த இடத்தில் உள்மண் வெளுப்பாகத் தெரிய வேண்டும். இங்கே சில்லு முதலில், நிறம் பிறகு. தேய்மானமும் அப்படித்தான்: உப்புத்தாள் விட்ட கீறல்கள் ஒரே திசையில் இணையாக ஓட, அவற்றின்மேலும் பழுப்பு ஏறியிருந்தது. சுடுதல், புழக்கம், அழுக்கு என்று வர வேண்டிய வரிசை தலைகீழாக இருந்தது.

இரண்டாவது கிண்ணத்தின் அடியில் ஆரஞ்சு நிறம் மெருகின் ஓரத்தில் ஒரு கோடாக எரிந்து, கீழே வர வர வெளிறியது. மேசையில் தொடும் நுனி மட்டும் தேய்ந்து வழவழப்பாகி, அங்கே சாம்பல் வெள்ளை மண் வெளியே வந்திருந்தது. வளையத்தின் உள்பக்கச் சுவரில் தேய்மானம் இல்லை, சூளை மணல் இரண்டொன்று மெருகோடு உருகி ஒட்டியிருந்தது. பெயர்ந்த சில்லுக்குள் அதே சாம்பல் வெள்ளை, அதன்மேல் பழைய அழுக்கு மட்டும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து உள்ளே பார்த்தேன். நடு அடியில் கீறல்கள் எல்லாத் திசையிலும், சில ஆழமாக, சில மெல்லியதாக. சுவரில் மேலே போகப் போகக் குறைந்தன. அமிலம் ஊற்றி மங்க வைத்திருந்தால் பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே மாதிரி மங்கியிருக்கும். இங்கே இதழ்களின் முதுகு மட்டும் மங்கி, இடைப் பள்ளங்களில் பளபளப்பு அப்படியே இருந்தது.

ஆரஞ்சு நிறம் மட்டும் இருந்தால் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லாங்சுவானில் இன்றும் சூளைகள் எரிகின்றன; அங்கே அதே மலை மண்ணையே எடுக்கிறார்கள். அந்தப் புதுக் கிண்ணங்களின் அடியும் தானாகவே சிவக்கும், அதுவும் மங்கி வரும் அழகோடு. அது ஏமாற்று அல்ல, நேர்மையான புது வேலை. அதைப் பழையதாக்கி விற்பவர் சேர்க்க வேண்டியது தேய்மானமும் கறையும்தான். அதனால்தான் நிறத்தைவிட, அந்த நிறத்தைத் தேய்மானம் எங்கே தின்றிருக்கிறது என்பதை அதிக நேரம் பார்க்கிறேன்.

காலத்தை ஓரளவு கணிக்க, 1323இல் கொரியக் கடலில் மூழ்கிய சினான் கப்பல் பெரிய உதவி. அதிலிருந்து எடுத்த 20,000க்கும் மேற்பட்ட பீங்கான்களில் பெரும்பங்கு லாங்சுவான் செலடான். அதில் வந்த தாமரை இதழ்க் கிண்ணங்களின் படங்களை அருகில் வைத்துப் பார்த்தேன். இதழின் நடுவே எழும்பிய நரம்பு, சிறிதாக வெட்டிய அடி, நீலம் கலந்த தடித்த மெருகு எல்லாம் ஒத்துவந்தன. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்று சொல்வது நியாயம் என்று பட்டது.

கடைசியாக இருட்டறையில் புறஊதா விளக்கு. முதல் கிண்ணத்தில் எதுவும் மின்னவில்லை. இரண்டாவதின் விளிம்பில் இரண்டு விரலகலம் வெளிர்நீலமாக ஒளிர்ந்தது. உடைந்த விளிம்பைப் பிசினால் நிரப்பிப் பச்சைச் சாயம் தீட்டியிருக்கிறார்கள். பகலில் கண்ணுக்குத் தெரியவே இல்லை. விரலால் சுண்டியபோது மந்தமான சத்தம் வந்ததற்கும் காரணம் புரிந்தது. பழுதுபார்ப்பதால் பழமை குறையாது, விலைதான் குறையும்.

தெர்மோலுமினசென்ஸ் சோதனைக்கு அனுப்பலாமா என்றும் யோசித்தேன். அது கடைசியாகச் சுட்டு எத்தனை காலம் ஆயிற்று என்பதைக் கணக்கிடும். ஆனால் அடியில் துளையிட்டு மண்தூள் எடுக்க வேண்டும், பீங்கானில் பிழை வரம்பும் பெரிது, எடுத்த இடத்தின் வயதை மட்டுமே சொல்லும். பழைய அடியைப் புது உடலில் ஒட்டியவர்களும் இருக்கிறார்கள். இந்த விலைக்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

கடைக்குத் திரும்பியதும் ஆன்ட்டியிடம் லென்ஸைக் கொடுத்து முதல் கிண்ணத்தின் சில்லைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். தானும் ஒருவரிடம் நம்பி வாங்கியது என்றார். அந்தக் கிண்ணத்தின் அட்டையைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டார். இரண்டாவதின் விளிம்புப் பழுதைச் சொன்னதும் விலையைக் குறைத்தார். ரசீதில் வெறுமனே 'பழைய கிண்ணம்' என்று எழுதப் போனவரைத் தடுத்து, 'லாங்சுவான், யுவான் காலம், விளிம்பில் பழுதுபார்த்தது, அடியில் சில்லு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.