பின்காலைத் திருப்பியதும் நின்ற கம்பு நிலை

மேலூர்ப் பக்கம் கண்மாய்க்கரையில் சிலம்பப் பயிற்சி முடிந்ததும் உடன் ஆடும் அண்ணன் எடுத்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரொம்ப நாளாகப் பிடிகொடுக்காமல் இருந்த முன்கம்பு நிலை அதில் சரியாக விழுந்திருக்கிறது. பெருமையாகவே சொல்கிறேன்.

போட்டோவை எதிராளி நிற்கும் இடத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். பக்கவாட்டில் எடுத்தால் காலின் நீளம்தான் தெரியும், அகலம் தெரியாது. இந்த நிலையில் எல்லாமே அந்த அகலத்தில்தான் இருக்கிறது. முன்பாதம் நேராக எதிராளியைப் பார்க்கிறது. பின்பாதம் வெளிப்பக்கம் பாதிக் கோணம் திரும்பியிருக்கிறது. இரண்டு குதிகாலுக்கும் நடுவே, குறுக்கே ஒரு பாதம் வைக்கும் அளவு இடைவெளி. இந்த இடைவெளி இல்லாமல் இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில் வந்தால் முன்னும் பின்னும் தள்ளினால் தாங்கும், பக்கவாட்டில் தட்டினால் சரிந்துவிடும். ஆள் அகலமாக ஊன்றாததால் உடல் எடை சீக்கிரமே பாதத்துக்கு வெளியே போய்விடுகிறது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒருவர் உங்கள் கம்பின் நுனியைப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளட்டும். பின்குதிகால் தரையை விட்டு எழும்பினால் எடை முன்காலுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். முன்முட்டி பெருவிரலைத் தாண்டியிருந்தாலும் அதேதான். “தம்பி, கம்பைப் பார்க்காதே, இடுப்பைப் பார்” என்று ஆசான் சொல்வது இதற்குத்தான்.

பிடியும் இதில் சேர்ந்தது. பின்கை கம்பின் அடிப்பக்கம், இடுப்பை ஒட்டி. முன்கை அங்கிருந்து ஒரு முழங்கை நீளம் தள்ளி. சுண்டுவிரலும் மோதிரவிரலும் இறுக்கிப் பிடிக்க, ஆள்காட்டி விரல் தளர்வாக இருந்தால்தான் அடுத்து வீச்சுக்குப் போகும்போது கை வழுக்கி நகரும். பின்முழங்கை விலாவை விட்டு விலகினால் தோள் ஏறும், தோள் ஏறினால் எடை முன்னே சாயும். போட்டோவில் என் முழங்கை ஒட்டியே இருக்கிறது.

கம்பைப் பற்றி ஒன்று. இப்போது ஆடுவது நெற்றி உயர மூங்கில். மூங்கிலில் அடி பருமன், நுனி மெலிவு, அதனால் எடை மையம் நட்டநடுவில் இருக்காது, அடிப்பக்கம் தள்ளியிருக்கும். அடியைப் பின்கையில் பிடித்தால் நுனி லேசாகி முன்கைக்குச் சுமை குறைகிறது. வாங்கும்போது விரலில் வைத்து நிறுத்திப் பார்த்து எடை மையத்தில் ஒரு நூல் கட்டிக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் கணு நெருக்கமான கம்பை உள்ளே வைத்திருப்பார்கள், கேட்டால் எடுத்துத் தருவார்கள். பிரம்பு ஒன்று வாங்கவும் ஆசை, அதன் வளைவுக்கு வேறு பிடி பழக வேண்டும்.

அதற்கு முன் இடக்கால் முன்னே வைத்து இதே நிலை. பின்பாதம் இன்னும் அந்தக் கோணத்துக்குத் திரும்ப மறுக்கிறது, இடுப்பும் கூடவே வருகிறது. அடுத்த வாரம் தரையில் சுண்ணாம்பால் இரண்டு பாதமும் வரைந்து வைத்து ஆடப் போகிறேன்.