31 வருடம் 8 மாதம் சர்வீஸ்: விஆர்எஸ் பணத்தில் வரி பிடித்த கதை

2024 ஆகஸ்ட் 31 அன்று விஆர்எஸ் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஓரகடம் பக்கம் ஒரு தனியார் தொழிற்சாலை. வயது 55, சர்வீஸ் 31 வருடம் 8 மாதம். கடைசியாக வாங்கிய பேசிக்கும் டிஏவும் சேர்த்து 78,000 ரூபாய், ஏப்ரலில் இன்க்ரிமென்ட் வருவதற்கு முன் 75,000. கையில் வர வேண்டியது மூன்று தொகை: கிராஜுவிட்டி 14,40,000, மீதமிருந்த லீவுக்கு 6,24,000, விஆர்எஸ் தொகை 18 லட்சம். செட்டில்மென்ட் தாள் வந்தபோது டிடிஎஸ் கட்டத்தில் இருந்த எண் ரொம்பப் பெரிதாக இருந்தது. எங்கே பிடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன்.

முதலில் கிராஜுவிட்டி. தொழிற்சாலை என்பதால் எங்களுக்கு அப்போது 1972 பணிக்கொடைச் சட்டம் பொருந்தியது. அந்தச் சட்டத்துக்குள் வருகிறவர்களுக்கு வரிவிலக்குக் கணக்கு இதுதான்: கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதைச் சர்வீஸ் வருடங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் உள்ள பாக்கி மாதங்கள் முழு வருடமாகிவிடும், அதனால் என் 31 வருடம் 8 மாதம் இங்கே 32 வருடம். 78,000 வகுத்தல் 26 என்றால் 3,000, பதினைந்து நாளுக்கு 45,000, அதை 32ஆல் பெருக்கினால் 14,40,000. கிடைத்த தொகையும் அதுவே, 20 லட்சம் வரம்புக்கும் உள்ளே இருக்கிறது, ஆக ஒரு பைசா வரி கிடையாது.

ஆனால் தாளில் 2,58,900 ரூபாய்க்கு வரி போட்டிருந்தார்கள். எண்ணைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது, சட்டத்துக்குள் வராத நிறுவனங்களுக்கான சூத்திரத்தை எடுத்திருக்கிறார்கள். அதில் கடைசிச் சம்பளத்துக்குப் பதில் ஓய்வு பெறும் மாதத்துக்கு முந்தைய பத்து மாதச் சராசரி, அதாவது 76,200, அதில் பாதி, அப்புறம் முடிந்த வருடங்கள் மட்டும். 38,100ஐ 31ஆல் பெருக்கி 11,81,100 மட்டுமே விலக்கு என்று முடித்துவிட்டார்கள். கிராஜுவிட்டியில் யாருக்காவது வரி விழுந்திருந்தால் முதலில் இதைப் பாருங்கள்: வகுத்தது 26ஆலா, இல்லை சம்பளத்தில் பாதியா? பாக்கி மாதங்களை விட்டுவிட்டார்களா?

அடுத்தது லீவுப் பணம். வரிக் கணக்கில் இதுதான் கொஞ்சம் நுணுக்கமானது, நிறைய பேர் 25 லட்சம் வரம்பு மட்டும் தெரிந்துகொண்டு முழுவதும் விலக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். நான்கு தொகைகளில் எது குறைவோ அதுவே விலக்கு. கையில் வந்த பணம், 25 லட்சம், பத்து மாதச் சராசரிச் சம்பளம், அப்புறம் நான்காவதாக வருடத்துக்கு 30 நாள் வீதம் போட்டு, எடுத்த லீவையும் இடையில் காசாக்கிய லீவையும் கழித்தபின் மிஞ்சும் நாட்களின் மதிப்பு.

என் சராசரி: நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதம் 75,000, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதம் 78,000, ஆக 76,500. பத்து மாதத்துக்கு 7,65,000. அது பெரிய தொகை, பிரச்சினை இல்லை. நான்காவது கணக்கில்தான் அந்த 8 மாதம் மறுபடி வருகிறது, ஆனால் நேர் எதிராக. இங்கே முடிந்த வருடங்கள் மட்டுமே சேரும், அதனால் 31 வருடம், 930 நாள். நான் எடுத்ததும் காசாக்கியதும் 710 நாள். மிச்சம் 220. ஒரு நாளைக்கு 2,550 என்றால் 5,61,000. நிறுவனமோ அந்த 8 மாதத்துக்கும் 20 நாள் லீவு சேர்த்து 240 நாளுக்குப் பணம் கொடுத்திருக்கிறது, அதுவும் கடைசிச் சம்பளத்தில், அதாவது 6,24,000. வித்தியாசம் 63,000 ரூபாய்க்கு வரி உண்டு, அது நியாயமான வரிதான்.

அவர்கள் போட்டதோ 3,24,000க்கு வரி. காரணம் பழைய 3 லட்சம் வரம்பு. 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு ஓய்வு பெறுகிறவர்களுக்கு அது 25 லட்சம் ஆகிவிட்டது, அவர்களுடைய மென்பொருளில் யாரோ மாற்றாமல் விட்டிருக்கிறார்கள்.

பேரோல் பிரிவில் இருந்தவரிடம் போனில் பேசினேன். "சார், நீங்க புது வரிமுறையில இருக்கீங்க, அதுல விலக்கு எதுவும் கிடையாது" என்றார். அது தவறு. வீட்டு வாடகைப்படி, 80சி எல்லாம் புது முறையில் போய்விட்டன, ஆனால் கிராஜுவிட்டி, லீவுப் பணம், விஆர்எஸ் மூன்றுக்கும் விலக்கு அப்படியே இருக்கிறது. 10(10), 10(10AA), 10(10C) என்று பிரிவு எண்ணோடு, மேலே சொன்ன கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி மின்னஞ்சலில் அனுப்பினேன். அதற்குத்தான் பலன் கிடைத்தது. போனில் பேசிய எதுவும் நகரவில்லை.

அவர்கள் பதிலுக்குக் கேட்டது லீவுக் கணக்கு. கணினியில் இருந்தது சமீப வருடங்கள்தான், அதற்கு முந்தையது ஆரம்ப இருப்பு என்று ஒரே எண்ணாகக் கிடந்தது. பழைய லீவு ரிஜிஸ்டர் டைம் ஆபீஸ் பீரோவில் இருந்தது, சிவப்பு மையில் சம்பளமாக மாற்றிய நாட்கள், நீல மையில் எடுத்த நாட்கள். அதைப் பார்த்து 710 என்று ஹெச்ஆர் ஒரு சான்று கொடுத்தார்கள். வேலையில் இருக்கும்போதே இதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, வெளியே வந்தபின் பீரோவைத் திறக்கச் சொல்வது கஷ்டம்.

விஆர்எஸ் தொகையில் தப்பு இல்லை. 18 லட்சத்தில் 5 லட்சம் விலக்கு, 13 லட்சத்துக்கு வரி. இந்த 5 லட்சம் கிடைக்க, திட்டமே வருமான வரி விதி 2பிஏவுக்கு ஒத்துப்போக வேண்டும்: பத்து வருட சர்வீஸோ 40 வயதோ முடிந்திருக்க வேண்டும், காலியான இடத்தை நிரப்பக் கூடாது, அதே நிர்வாகத்தின் இன்னொரு நிறுவனத்தில் நாம் சேரக் கூடாது. திட்ட அறிக்கையின் நகலை வாங்கி இதையெல்லாம் சரிபார்த்துக்கொண்டேன். இதற்குப் பதிலாக, மொத்தப் பணமும் ஒரே வருடத்தில் வந்ததால் கூடுகிற வரிக்குப் பிரிவு 89 நிவாரணம் கேட்கலாம், ஆனால் இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. 13 லட்சமும் சேர்ந்து நான் 30 சதவீதத்தில் இருந்ததால், 5 லட்சத்துக்கு மிச்சமாகும் வரி செஸ்ஸோடு 1,56,000. நிவாரணம் அந்த அளவு வராது என்று ஆடிட்டர் கணக்குப் போட்டுச் சொன்னதும் விலக்கையே வைத்துக்கொண்டேன்.

பிடித்த டிடிஎஸ்ஸை நிறுவனம் திருப்பித் தரவில்லை, அது ஏற்கெனவே அரசுக்குப் போய்விட்டது. நான் கேட்டது வேறு: மே மாதம் கடைசிக் காலாண்டு அறிக்கை போடும் முன் விலக்குத் தொகைகளைத் திருத்துங்கள் என்பது. திருத்தினார்கள், படிவம் 16இல் 14,40,000, 5,61,000, 5,00,000 என்று சரியாக வந்தது. திருத்தாமல் இருந்தாலும் ரிட்டர்னில் சரியான விலக்கைக் கேட்கலாம், ஆனால் படிவம் 16க்கும் ரிட்டர்னுக்கும் ஒத்துப்போகவில்லை என்று நோட்டீஸ் வந்து பதில் எழுத வேண்டியிருக்கும். கூடுதலாக வரி போட்டிருந்த தொகை 5,19,900, அதன் வரி 1,62,000 ரூபாய்க்கு மேல். அது ரீஃபண்டாக வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

இப்போது வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், அதனால் இன்னொரு கணக்கும் எழுதி வைத்திருக்கிறேன். 20 லட்சம், 25 லட்சம் எல்லாம் ஆயுள் முழுவதற்குமான வரம்பு. எனக்கு இனி கிராஜுவிட்டியில் 5,60,000, லீவுப் பணத்தில் 19,39,000 பாக்கி. விஆர்எஸ் விலக்கு ஒரு தடவைதான், அது முடிந்துவிட்டது. 2026 ஏப்ரல் முதல் புது வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு, இதற்கு அப்புறம் ஓய்வு பெறுகிறவர்கள் கடிதம் எழுதும்போது புது எண்ணைப் போடுங்கள்.