சேமிப்பு 140னு எழுதி எட்டு மார்க் விட்ட கதை

எம்ஏ மேக்ரோ பேப்பர்ல பத்து மார்க்குக்கு வந்த கணக்கு இது. நுகர்வு செலவு C = 100 + 0.8Y, இதுல Y வருமானம், முதலீடு I = 100, எல்லாம் கோடி ரூபாய்ல. இப்ப எந்த வருமானத்துலயும் மக்கள் முன்ன விட 40 கோடி கூடுதலா சேமிக்க நினைக்கிறாங்க, புது சமநிலை வருமானம் என்ன, மொத்த சேமிப்பு என்ன, படம் போட்டு விளக்கு. நான் ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டேன், பழைய சேமிப்பு 100 இருந்துச்சு, 40 கூடுனா 140, வருமானம் அதே 1000. பேப்பர் திரும்பி வந்தப்ப பத்துக்கு ரெண்டு, அந்த ரெண்டும் பழைய வருமானம் 1000னு கண்டுபிடிச்சதுக்கு.

வீட்டுக்கு வந்து புலம்புனேன். அப்பா செவ்வாப்பேட்டை பக்கம் கொலுசு பட்டறை வெச்சிருக்காரு, கையில கொலுசை வெச்சுக்கிட்டே கேட்டாரு, "ஏம்மா, சேமிச்சா நல்லதுன்னு தானே சின்ன வயசுலருந்து சொல்றோம், உங்க புக்குல தப்புங்கறானா?" நான் சொன்னேன், "நீங்க ஒருத்தர் சேமிச்சா ஒண்ணும் ஆகாதுங்கப்பா, ஊரே ஒரே நேரத்துல சேமிச்சா உங்க கொலுசை யாரு வாங்குவா?" அவரு உடனே, "கடைக்காரன் சரக்கை திருப்பி அனுப்புவான், நான் ஆளுங்களுக்கு வேலைய குறைப்பேன்"னாரு. மூணு வாரம் பாடத்துல புரியாதது அங்க தான் புரிஞ்சுது, அதை அப்படியே கணக்குல போட்டுப் பாக்கலாம்.

முதல் நாள். மக்கள் செலவுல 40 கோடி குறைச்சிட்டாங்க, ஆனா உற்பத்தி இன்னும் 1000க்கு தான் நடந்திருக்கு. 40 கோடி சரக்கு கடையில அப்படியே உக்காந்திருக்கு, விக்காத கொலுசு டப்பா டப்பாவா. தேசிய வருமான கணக்குல விக்காத சரக்கையும் முதலீடுன்னு தான் எழுதுவாங்க, அதனால அன்னைக்கு நடந்த முதலீடு 140, சேமிப்பும் 140, ரெண்டும் சமம். நான் நின்னது இந்த இடத்துல தான். ஆனா அதுல 100 மட்டும் தான் திட்டமிட்ட முதலீடு, மீதி 40 யாரும் ஆசைப்பட்டு வெச்சது இல்ல, தேங்கிப் போனது. சரக்கு தேங்கி நிக்கிற வரைக்கும் அது சமநிலை ஆகாது.

அடுத்தது கடைக்காரங்க ஆர்டர் குறைப்பாங்க, உற்பத்தி 40 குறையும், அதை செஞ்சவங்க வருமானமும் 40 குறையும். வருமானம் போனவங்க அதுல 0.8 பங்கு, அதாவது 32 கோடி செலவை குறைப்பாங்க, மளிகைக்கடையில, துணிக்கடையில. அங்க வருமானம் 32 குறைய, அவங்க 25.6 குறைப்பாங்க, அப்புறம் 20.48, இப்படி சுருங்கிக்கிட்டே போகும். மொத்தமா கூட்டுனா 40 / (1 - 0.8) = 200. வருமானம் 1000லருந்து 800க்கு வந்துரும்.

இப்ப சேமிப்பை மட்டும் தனியா பாருங்க, விஷயமே அங்க தான் இருக்கு. முதல் சுத்துல வருமானம் 40 போனப்ப செலவு குறைஞ்சது 32 தான், மீதி 8 சேமிப்புலருந்து போச்சு. அடுத்த சுத்துல 6.4, அப்புறம் 5.12. இதையெல்லாம் கூட்டுனா சரியா 40. அதாவது எல்லாரும் சேர்ந்து கூட்ட நினைச்ச 40 கோடியை, இறங்குன வருமானமே சாப்பிட்டுருச்சு. சேமிப்பு S வருமானத்துல செலவு போக மீதி, பழைய சமன்பாடு S = -100 + 0.2Y, 40 கூடுனதால இப்ப S = -60 + 0.2Y, அதுல 800ஐ போட்டா -60 + 0.2 × 800 = 100. சேமிப்பு பழைய இடத்துலயே, வருமானம் மட்டும் 200 காலி. இதைத்தான் சிக்கன முரண்பாடுன்னு சொல்றாங்க.

படத்துலயும் நான் சொதப்பியிருந்தேன். சேமிப்பு கோடு ஆரம்பிக்கற புள்ளி -100லருந்து -60 ஆகுது, எனக்கு 60 சின்ன நம்பரா தெரிஞ்சுதா, கோட்டை கீழ போட்டுட்டேன். மைனஸ் 100ஐ விட மைனஸ் 60 மேல இருக்கு, கோடு மேல தான் போகும். முதலீட்டு கோடு 100ல படுத்துக்கிடக்கும், சேமிப்பு கோடு மேல ஏறுனா ரெண்டும் வெட்டிக்கற புள்ளி இடது பக்கம் வரும், வருமானம் குறையுதுன்னு படமே சொல்லும். உங்க படத்துல வலது பக்கம் போச்சுன்னா அங்கயே அடிச்சிட்டு திரும்ப போடுங்க. கணக்குக்கும் ஒரு சோதனை இருக்கு, புது Yஐ S சமன்பாட்டுல போட்டு I கூட சரியா வருதான்னு பாருங்க, அரை நிமிஷ வேலை. நான் 1000ஐ போட்டிருந்தா 140 வந்திருக்கும், I 100, அப்பவே மாட்டியிருப்பேன்.

சில கேள்வியில 40 கூடுதுன்னு சொல்லாம சேமிப்பு நாட்டம், அதாவது கூடுற ஒவ்வொரு ரூபாய் வருமானத்துலயும் சேமிக்கற பங்கு, 0.2லருந்து 0.25 ஆகுதுன்னு தருவாங்க, அப்ப கோடு ஆரம்பிக்கற புள்ளி நகராம கோடு இன்னும் செங்குத்தா ஆகும், Y = (100 + 100) / 0.25 = 800, கதை அதே தான்.

ரெண்டாவது தடவை எழுதுனப்ப கொஞ்சம் திருகி வந்துச்சு, I = 0.1Y, அதாவது வருமானத்தோட சேர்ந்து முதலீடும் ஏறி இறங்கும். பட்டறைக்கு ஆர்டர் இல்லன்னா எங்கப்பா புது மெஷின் வாங்க மாட்டாரு இல்லையா, அது தான் இது. பழைய சமநிலை 100 / (1 - 0.8 - 0.1) = 100 / 0.1 = 1000, சேமிப்பு 100. மக்கள் செலவுல 40 குறைஞ்சா 60 / 0.1 = 600, சேமிப்பு -60 + 120 = 60, முதலீடும் 60. முன்ன சேமிப்பு அப்படியே நின்னுச்சு, இதுல சேமிப்பே 40 குறையுது, கூட்ட நினைச்சு குறைச்சுக்கிட்டாங்க. செலவு ஒரு ரூபாய் குறைஞ்சா வருமானம் எத்தனை ரூபாய் குறையும்னு சொல்ற பெருக்கி 1 / 0.2 = 5லருந்து 1 / 0.1 = 10 ஆனதால அடியும் பெருசு. மொத்த சேமிப்பு மாறாதுன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்த பாதி பேர் இதுல தான் விழுந்தாங்க.

அனுமானம் ரெண்டு வரி எழுதாம விட்டாலும் மார்க் போகும். விலையும் வட்டியும் மாறாது, ஆளும் மெஷினும் சும்மா கிடக்குது, வெளிநாட்டு வியாபாரம் இல்ல. வட்டி குறைஞ்சு அதனால முதலீடு கூடும்னு வெச்சா முரண்பாடு தளரும், ஏற்கனவே எல்லாருக்கும் வேலை இருந்து உற்பத்தி உச்சத்துல இருந்தா சேமிப்பு கூடுறது முதலீட்டுக்கு ஆளையும் பொருளையும் விடுவிச்சுக் குடுக்கும், அது வேற உலகம். பொருளாதார அறிஞர் கெயின்ஸ் இதை 1936ல எழுதுனது பெருமந்தத்துல ஃபேக்டரி எல்லாம் பூட்டிக்கிடந்த காலத்துல.

அந்த 140 எந்த நிலைமையில சரியாகும்னு அப்புறம் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். மக்கள் 40 செலவை குறைச்ச அதே நேரத்துல முதலீடு 100லருந்து 140 ஆயிருந்தா Y = 60 + 0.8Y + 140, Y அதே 1000, சேமிப்பு -60 + 200 = 140. அரசாங்கம் வரி போடாம 40 கடன் வாங்கி செலவு பண்ணாலும் இதே நம்பர் தான். அப்பாகிட்ட சொன்னேன், "அப்ப அந்த 40க்கு யாராவது ஆர்டர் குடுக்கணும்"னாரு, அடுத்த ஜோடி கொலுசை எடுத்துக்கிட்டாரு.